98.4 காட்டிய காலை

அக்கா மகனுக்கு நாலு வயது. போன ஐப்பசியில் அவனுக்குக் காய்ச்சல் வந்த முதல் நாள் மாலை, ஒரே குழந்தைக்கு வீட்டில் மூன்று அளவுகள் கிடைத்தன. அத்தான் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி நீட்டிய கருவி 97.9 என்றது. அக்குளில் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் 99.6. பாட்டி புறங்கையால் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நெருப்பா கொதிக்குது, உங்க மிஷினைத் தூக்கிப் போடுங்க" என்றார்.

அன்றைக்குப் பாட்டி சொன்னதுதான் சரி. ஆனால் கருவிகள் மேல் குற்றமில்லை, வைத்த விதத்தில்தான் கோளாறு. பையன் அப்போதுதான் அப்பாவோடு பைக்கில் காற்று வாங்கிக்கொண்டு வந்திருந்தான், நெற்றியில் வியர்வை வேறு. நெற்றித் துப்பாக்கி தோலிலிருந்து வரும் வெப்பத்தைப் படித்து, அதிலிருந்து உடலின் சூட்டைக் கணக்குப் போட்டுச் சொல்வது. காற்றுப் பட்டோ வியர்வையாலோ தோல் குளிர்ந்திருந்தால் அந்தக் கணக்குத் தவறும். வீட்டுக்குள் வந்து கால் மணி நேரம் ஆனபின், நெற்றியைத் துடைத்து, அட்டையில் சொன்ன தூரத்தில் பிடிக்க வேண்டும். பல துப்பாக்கிகளில் உடலுக்கு ஒன்று, பால் புட்டி போன்ற பொருள்களுக்கு ஒன்று என இரண்டு முறைகள் இருக்கும். பொத்தான் தவறுதலாகப் பொருள் முறைக்கு மாறிவிட்டால், கொதிக்கிற குழந்தைக்கும் 95, 96 என்றே காட்டும். வாசலில் வரிசையாக நிற்பவர்களைச் சலித்துப் பார்க்க இந்தக் கருவி உதவும். மருந்து கொடுப்பதா, மருத்துவரிடம் ஓடுவதா என்று இதை மட்டும் வைத்து நான் முடிவு செய்ய மாட்டேன்.

வீட்டுக்கு நம்பகமானது முனையில் உலோகம் உள்ள சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர்தான். பாதரசக் கண்ணாடிக் குழாயின் காலம் முடிந்துவிட்டது. மினமாட்டா உடன்படிக்கை 2020ஐ அதன் உற்பத்திக்குக் கெடுவாக வைத்தது. பழையது அலமாரியில் கிடந்தால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். உடைந்தால் சிதறும் பாதரசத்தின் ஆவிதான் ஆபத்து.

டிஜிட்டலையும் அவசரத்தில் வைத்தால் ஏமாற்றும். அக்குளின் ஈரத்தை முதலில் துடைக்க வேண்டும். முனை அக்குளின் நடுக்குழியில், சட்டைத் துணி இடையில் வராமல், தோலோடு ஒட்டி இருக்க வேண்டும். பிறகு கையை மடக்கி மார்போடு அணைத்துப் பிடிக்க வேண்டும். குழந்தையை மடியில் உட்கார வைத்து இறுக்கிக்கொண்டால் சுலபம். இதில் எல்லோரும் தவறுவது அந்த 'பீப்' சத்தத்தில். சூடு ஏறும் வேகம் குறைந்ததும் கருவி சத்தம் போட்டுவிடும். மூடிய வாய் சீக்கிரம் சூடாகும், திறந்து கிடந்த அக்குள் அப்படியில்லை. அதனால் சத்தம் வந்த பின்னும் ஓரிரு நிமிடம் அப்படியே விட்டால் எண் இன்னும் ஏறுவதைப் பார்க்கலாம். அக்கா இரண்டாம் முறை அப்படி வைத்தபோது வந்தது 101.2.

அக்குள் அளவோடு ஒரு டிகிரி கூட்டிக்கொள்வது நம் வீடுகளில் பழக்கம். உடலின் உட்சூட்டைவிட அக்குள் குறைவாகக் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாறும். கூட்டாமல், "அக்குளில் 101.2, மாலை ஆறு மணி" என்று எழுதி வைத்தால் மருத்துவருக்கு அதுவே போதும்.

எது காய்ச்சல்? 98.6 என்ற எண்ணைப் புகழ்பெறச் செய்தவர் ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிஷ், 1868இல். அது சராசரி, எல்லைக்கோடு அல்ல. ஒரே ஆளுக்கு விடிகாலையில் குறைவாகவும் மாலை நாலு முதல் ஆறுக்குள் அதிகமாகவும் இருக்கும். ஆகவே மாலையில் 99.3 பார்த்து மாத்திரை தேட வேண்டாம். மருத்துவர்கள் பொதுவாகக் காய்ச்சல் என்று கொள்வது 100.4 முதல், அதாவது 38 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டரில் எதுவும் காட்டாமல் 'உள்காய்ச்சல்' என்று பல நாள் உடல் வலித்தால், அந்த வலிக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

மூன்று மாதம் நிரம்பாத சிசுவுக்கு மட்டும் எண்ணே தீர்ப்பு. 100.4ஐத் தொட்டால், குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும் அன்றே மருத்துவமனை. வயதானவர்கள் இதற்கு நேர் எதிர். கடுமையான தொற்றிலும் சூடு பெரிதாக ஏறாமல், திடீர்க் குழப்பமும் சோர்வும் மட்டுமே தெரியலாம்.

மற்றவர்களுக்கு, எண் எவ்வளவு உயரம் என்பது நோய் எவ்வளவு கடுமை என்பதைச் சொல்வதில்லை. போன வருடம் இதே பையனுக்கு 103.6 வந்தது. எடைக்குத் தக்க பாராசிட்டமால் கொடுத்து ஒரு மணி நேரத்தில் சூடு கொஞ்சம் இறங்கியதும் எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டான், பொம்மைக் காரை உருட்டினான். சாதாரண வைரஸ் காய்ச்சல், மூன்று நாளில் போனது. சூடு உச்சத்தில் இருக்கும்போது எந்தக் குழந்தையும் துவண்டுதான் கிடக்கும், அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. இறங்கிய பிறகு எப்படி இருக்கிறான் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த ஐப்பசிக் காய்ச்சல் நாலு நாள் 102க்கும் 103க்கும் இடையே நின்றது. ஐந்தாம் நாள் காலை அக்கா போன் செய்தாள். "காய்ச்சல் விட்டுடுச்சுடா, 98.4 தான் இருக்கு. ஆனா படுத்தே கெடக்கான்." டிவி போட்டும் திரும்பவில்லையாம். வயிறு வலிக்குது என்றிருக்கிறான், விடியலிலிருந்து மூன்று முறை வாந்தி. "ஒன்னுக்குப் போனானா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "நேத்து ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி" என்றாள். பாதத்தைத் தொடச் சொன்னேன். ஜில்லென்று இருந்தது.

டெங்கு இப்படித்தான். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, சூடு தணியும் வேளையில்தான் அபாயக் கட்டம் தொடங்குகிறது. ரத்தக்குழாய்களின் சுவர் வழியே நீர்ப்பகுதி கசிகிறது. உள்ளே ரத்தம் கெட்டியாகி, கை காலுக்குப் போகும் ஓட்டம் குறைகிறது. சிறுநீர் குறைவதும் பாதம் குளிர்வதும் அதனால்தான். தெர்மாமீட்டர் இதில் எதையும் காட்டாது, நல்ல செய்தி சொல்வது போல 98.4 என்றே நிற்கும். தீராத வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், எழுப்பினாலும் விழிக்காத தூக்கம் அல்லது காரணமில்லாத தவிப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். டெங்கு இல்லை என்று தெரியும் வரை ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் கூடாது, ரத்தக் கசிவை அவை கூட்டும்.

மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தட்டணுக்கள் இறங்கியிருந்தன, ரத்தத்தின் அடர்த்தி ஏறியிருந்தது. மணிக்கு இவ்வளவு என்று அளந்து சலைன் ஏற்றினார்கள். செவிலியர் அக்காவிடம் ஒரு தாளைக் கொடுத்து, குடித்தது எவ்வளவு, சிறுநீர் எத்தனை முறை என்று எழுதச் சொன்னார். அக்கா பழக்க தோஷத்தில் தாளின் மேலே '98.4' என்று முதலில் எழுதினாள். கீழே கட்டங்கள் மதியம் வரை காலியாகவே இருந்தன. மூன்றரை மணிக்கு முதல் கட்டம் நிரம்பியது.