சார்ஜ் போட்ட பில்லில் யூனிட்டும் நிமிடமும்

மின்சாரக் காருக்குப் பொது சார்ஜரில் போடும் பில், வீட்டுக் கரண்ட் பில் போலத் தெரியும். இத்தனை யூனிட், யூனிட்டுக்கு இவ்வளவு, பெருக்கினால் தொகை. ஆனால் பல நாடுகளில் அந்தப் பில்லுக்குள் கடிகாரமும் ஓடுகிறது. சார்ஜ் ஏறும் நேரத்துக்குக் காசு, ஏறி முடிந்தும் வண்டியை எடுக்காத நேரத்துக்குத் தனிக் காசு, மாதச் சந்தா கட்டியவருக்கு ஒரு விலை, கட்டாதவருக்கு வேறு விலை. இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க அமெரிக்கா நல்ல களம்.

அங்கே நிமிடக் கணக்கு வந்ததற்குக் காரணம் சட்டம். பல மாநிலங்களில் மின்சாரத்தை யூனிட் கணக்கில் விற்கும் உரிமை மின்விநியோக நிறுவனங்களுக்கு மட்டுமே இருந்தது. சார்ஜிங் நிலையம் நடத்துபவர் யூனிட்டுக்கு விலை வைத்தால் அவரும் மின்விநியோகர் என்ற வகைக்குள் வந்துவிடுவார். அதனால் மின்சாரத்தை விற்கவில்லை, சார்ஜரைப் பயன்படுத்தும் நேரத்தைத்தான் விற்கிறோம் என்று நிமிடத்துக்கு விலை வைத்தார்கள். பிறகு ஒவ்வொரு மாநிலமாகச் சட்டத்தைத் திருத்த, யூனிட் விலை பரவியது.

எலக்ட்ரிஃபை அமெரிக்கா என்ற நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு விலைப்பட்டியலை எடுத்துக்கொள்வோம். யூனிட் விலை அனுமதிக்கப்பட்ட மாநிலங்களில் யூனிட்டுக்கு 43 சென்ட். மற்ற மாநிலங்களில் 90 கிலோவாட் வரை வாங்கும் காருக்கு நிமிடத்துக்கு 16 சென்ட், அதற்கு மேல் வாங்கும் காருக்கு 32 சென்ட். எந்தப் படி என்பதைத் தீர்மானிப்பது கார்தான். எவ்வளவு வேகத்தில் வாங்க முடியும் என்று அது சார்ஜரிடம் சொல்கிறது, படி அதன்படி அமைகிறது.

இதில் செவர்லே போல்ட் காரை நிறுத்திப் பார்க்கலாம். அதன் 66 யூனிட் பேட்டரி 55 கிலோவாட்டுக்கு மேல் வாங்காது. அந்த வேகத்தையும் கடைசி வரை வைத்துக்கொள்ளாது. ஏறத்தாழ பாதி நிரம்பும்வரை 53 கிலோவாட் அளவில் வாங்கும். பிறகு 38க்கு இறங்கும். மூன்றில் இரண்டு பங்கு தாண்டியதும் 24, 85 சதவீதத்துக்கு மேல் 16. பேட்டரி கெடாமல் இருக்க எல்லா மின்சாரக் கார்களும் நிரம்ப நிரம்ப இப்படித்தான் வேகத்தைக் குறைக்கின்றன. போல்ட்டில் அது படிக்கட்டு மாதிரி தெளிவாகத் தெரியும்.

நிமிடத்துக்கு 16 சென்ட் என்ற விலை மாறவே இல்லை. ஆனால் 53 கிலோவாட்டில் ஒரு நிமிடத்துக்கு 0.88 யூனிட் ஏறுவதால் யூனிட் 18 சென்டுக்குக் கிடைக்கிறது. 24 கிலோவாட்டில் அதே யூனிட் 40 சென்ட். கடைசிப் படியில் 60 சென்ட். 20 சதவீதத்தில் சொருகி 68 சதவீதத்தில் எடுத்தால் சுமார் 41 நிமிடம், ஆறரை டாலர், கிட்டத்தட்ட 32 யூனிட். 85 வரை விட்டுவைத்தால் இன்னும் 28 நிமிடம் பிடிக்கும். அந்த நாலரை டாலருக்குக் கிடைப்பது 11 யூனிட்தான்.

இதையே யூனிட் விலையில் போட்டுப் பார்த்தால் 20லிருந்து 85 வரையிலான 43 யூனிட்டுக்குப் பதினெட்டரை டாலர் ஆகிறது. நிமிடக் கணக்கில் மொத்தமே 11 டாலர். ஆக நிமிட விலை என்றாலே கொள்ளை என்று சொல்லிவிட முடியாது. இந்தப் பட்டியலில் போல்ட்காரருக்கு அது 85 சதவீதம் வரை லாபம், அதற்குப் பிறகுதான் நஷ்டம். கடுங்குளிரில் மட்டும் கணக்கு மாறும். பேட்டரி சில்லிட்டுக் கிடந்தால் தொடக்கத்திலேயே 24, 25 கிலோவாட்தான் வாங்கும், முதல் யூனிட்டே 40 சென்ட் ஆகிவிடும். யூனிட் விலையில் இந்தக் குளிர் நேரத்தைத்தான் தின்னும், பணத்தைத் தின்னாது. மெதுவாக வாங்கும் பழைய காரும் புதிய காரும் ஒரே யூனிட்டுக்கு ஒரே விலை கொடுப்பதுதான் நியாயம் என்பது என் எண்ணம்.

சந்தாவுக்கு வருவோம். அதே பட்டியலில் மாதம் 4 டாலர் கட்டினால் யூனிட் 31 சென்ட், அதாவது 12 சென்ட் மிச்சம். நான்கு டாலரை 12 சென்டால் வகுத்தால் 33 யூனிட். போல்ட்டை ஒரு தடவை சார்ஜ் போட்டாலே சந்தா கழிந்துவிடும். நிமிட விலை மாநிலத்திலோ 16 சென்ட் 12 ஆகிறது, மிச்சம் நிமிடத்துக்கு 4 சென்ட்தான். சந்தாக் காசைத் திரும்ப எடுக்கவே மாதம் 100 நிமிடம் அந்த நிறுவனத்தின் சார்ஜரில் நிற்க வேண்டும். ஒரே சந்தா, ஒரே கார், மாநில எல்லை தாண்டினால் வேறு கணக்கு. வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு எப்போதாவது வெளியூர் போகிறவர், போகும் மாதம் மட்டும் சந்தா எடுத்துவிட்டு உடனே ரத்து செய்வது நல்லது. இல்லையென்றால் அது தானாகப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும்.

இந்த மிச்சத்தையெல்லாம் ஒரே சாப்பாட்டு நேரத்தில் விழுங்கக்கூடியது ஐடில் கட்டணம். சார்ஜ் முடிந்து 10 நிமிடம் அவகாசம்; அதற்கு மேல் வண்டி அங்கேயே நின்றால் நிமிடத்துக்கு 40 சென்ட். முடிந்து 35 நிமிடம் கழித்து வந்தால் 25 நிமிடத்துக்கு 10 டாலர். சற்று முன் பார்த்த முழுச் சார்ஜின் விலையே 11 டாலர்தான். இதில் பலர் மாட்டுவது ஓர் அமைப்பால்: காருக்குள் 80 சதவீதம் என்று வரம்பு வைத்திருப்பார்கள், அதை மறந்துவிட்டு 100 வரை போகும் என்று நினைத்துக் கடைக்குள் உட்கார்ந்திருப்பார்கள். வரம்பைத் தொட்டதும் சார்ஜ் முடிந்ததாகவே கணக்கு, கடிகாரம் அங்கிருந்து ஓடும்.

டெஸ்லா 2016 டிசம்பரில் இந்தக் கட்டணத்தைக் கொண்டுவந்தது. நிலையத்தில் பாதி இடமாவது நிரம்பியிருந்தால்தான் அங்கே அது விழும், முழுதும் நிரம்பினால் இரட்டிப்பாகும். பின்னால் ஒருவர் காத்திருப்பாரோ இல்லையோ என்று பார்த்து வசூலிக்கும் இந்த முறையே சரி.

ஜெர்மனியில் எனெபிடபிள்யூ நிறுவனத்தின் விதி இன்னொரு மாதிரி. அங்கே கடிகாரம் சார்ஜ் முடிந்த பிறகு தொடங்குவதில்லை, சொருகியதிலிருந்தே ஓடுகிறது. நான்கு மணி நேரம் தாண்டினால் நிமிடத்துக்கு 10 சென்ட், அதிகபட்சம் 12 யூரோ. தெருவோர 11 கிலோவாட் சார்ஜரில் நான்கு மணி நேரத்தில் 44 யூனிட்தான் ஏறும். 55 யூனிட் தேவைப்படுகிறவருக்கு, வண்டி இன்னும் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே 6 யூரோ கூடுதலாக விழுந்துவிடும். ஆகவே செயலியில் விலையைப் பார்க்கும்போது எத்தனை சென்ட் என்பதோடு, எந்த நொடியிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதையும் படிக்க வேண்டும்.

நம் ஊரில் யூனிட் விலைதான் வழக்கம். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். செயலியில் காட்டும் விலை வரி சேர்த்ததா சேர்க்காததா என்பது முதலில் பார்க்க வேண்டியது. 20 ரூபாய் என்று போட்டது வரிக்கு முந்தைய விலையாக இருந்தால் கையைவிட்டுப் போவது 23 ரூபாய் 60 பைசா. நேரம் இங்கே வேறு வழியில் நுழைகிறது. சூரிய மின்சாரம் மிகுந்த பகல் 9 மணி முதல் 4 மணி வரை சார்ஜிங் நிலையங்களுக்கு மின்சாரம் மலிவாக வர வேண்டும் என்பது மத்திய மின் அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதல். தமிழ்நாட்டு மின்கட்டணத்திலும் நிலையங்களுக்கு நேரத்துக்கு நேரம் விலை மாறுகிறது. அந்த மலிவை நிலையம் நமக்குத் தருகிறதா என்று அறிய, ஒரே சார்ஜரின் விலையைச் செயலியில் மதியம் ஒருமுறையும் இரவு ஏழரைக்கு ஒருமுறையும் திறந்து பார்த்தாலே போதும்.