புதுக் காரா, அக்கா மகன் சொன்ன பழைய காரா?

கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்கொடைப் பணத்தில் ஒரு சின்னக் கார் வாங்க நினைத்தார். ஷோரூமில் ஒன்றைப் பார்த்துவிட்டும் வந்தார். விலை ஆறரை லட்சம். தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுள் வரி 13 சதவீதம். அதில் 84,500 ரூபாய் சேர்ந்தது. இன்சூரன்ஸும் பதிவுச் செலவும் போட்டதும் தொகை ஏழே முக்கால் லட்சத்தைத் தொட்டது.

மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் அக்கா மகன் குறுக்கே வந்தான். "மாமா, மாசம் முந்நூறு கிலோமீட்டர் ஓட்டுறதுக்கு எதுக்கு இவ்வளவு? அதே மாடல், 2019 வண்டி, நாற்பத்திரண்டாயிரம்தான் ஓடியிருக்கு. 3,90,000 சொல்றாங்க, குறைப்பாங்க."

"நல்ல வண்டின்னா அவன் ஏன்டா விக்கிறான்?" என்றார் இவர். பழைய கார் என்றதும் எல்லோருக்கும் வருகிற பயம்தான் இது. விற்பவரிடம் கேட்டால் பதில் கிடைக்காது, வண்டியிடம்தான் கேட்க வேண்டும்.

அக்கா மகன் முதலில் டயரைக் காட்டினான். பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். அதில் 2319 என்றிருந்தது. 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது என்று பொருள். நான்கு டயரிலும் ஏறக்குறைய அதே எண். வண்டியோடு வந்த டயர்கள் இன்னும் மாற்றப்படவில்லை என்றால், மீட்டர் காட்டும் 42,000 நம்பக்கூடியதுதான். லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தால் அந்த டயர்கள் தாங்கியிருக்காது. கிளட்ச், பிரேக் மிதிகளின் ரப்பரும் வழுவழுப்பாகத் தேயவில்லை. விற்பவரையே கூட்டிக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய், பதிவு எண்ணைச் சொல்லி, ஒவ்வொரு சர்வீஸின்போதும் மீட்டரில் இருந்த அளவை வாங்கிப் பார்த்தார்கள். கணக்கு ஒத்துப்போனது.

அடுத்து சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தான். வெள்ளத்தில் மூழ்கிய காரை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் உள்சுற்றில் சேற்றுக் கறை தங்கிவிடும். ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் துரு காட்டிக்கொடுக்கும். இந்த வண்டியில் இரண்டுமே சுத்தம்.

வண்டியில் குறை இல்லை. குறை காகிதத்தில் இருந்தது, அதைக் கண்டுபிடித்தவர் மாமா. ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் என்ற இடத்தில் இன்னும் கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருந்தது. "லோன் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு சார்" என்று விற்பவர் என்.ஓ.சி.யைக் காட்டினார். அதுவும் இரண்டு வருஷத்துக்கு முந்தையது. வங்கி தரும் என்.ஓ.சி. பொதுவாக மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். அதற்குள் படிவம் 35ஐ ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து அடமானப் பதிவை நீக்கியிருக்க வேண்டும். கடன் கட்டி முடிந்ததுமே எல்லாம் சரி என்று நினைத்துப் பலர் இதைச் செய்வதில்லை. அந்தப் பதிவு நீங்காமல் வண்டி வாங்குபவர் பெயருக்கு ஒழுங்காக மாறாது.

"அடமானம் நீங்கின ஆர்.சி. கையில வரட்டும், அப்புறம் முழுப் பணம்" என்றார் மாமா. 10,000 ரூபாய் மட்டும் முன்பணம் கொடுத்து ரசீது வாங்கினார். விற்பவர் புதிய என்.ஓ.சி. வாங்கி வேலையை முடித்தார். பழைய டயர்களைக் காரணம் காட்டி 20,000 குறைத்து, 3,70,000க்குப் பேசி முடித்தார்கள். பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30 இரண்டிலும் தன் கண்முன்னே கையெழுத்து வாங்கிக்கொண்டார். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றினார். மாற்றாமல் விட்டால் தன் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது. முந்தைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது என்பதால் அதற்கான வித்தியாசத்தையும் கட்டினார்.

டயர், சர்வீஸ், பெயர் மாற்றம் எல்லாம் சேர்த்து நான்கு லட்சத்தில் முடிந்தது. மிச்சப்பட்ட மூன்றே முக்கால் லட்சத்தை வைப்பு நிதியில் போட்டார். 7 சதவீத வட்டியில் மாதம் சுமார் 2,190 ரூபாய் வருகிறது. அவர் ஓட்டுகிற முந்நூறு கிலோமீட்டருக்கான பெட்ரோல் அதிலேயே அடங்கிவிடுகிறது.

நாளுக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கோ, வண்டி பார்க்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாதவருக்கோ நான் புதுக் காரைத்தான் சொல்வேன். இவருக்குப் பழையதே சரி. பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து பானெட்டைத் திறக்கும் முன் ஆர்.சி.யை வாங்கி, அடமானப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.