ஞாயிறு வாங்கிய காய் சனி வரை

சந்தையில் காய் விற்பவர்கள் கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் இருக்கும். மூடியில் ஓட்டை போட்டு, கால் மணிக்கொரு தரம் காய்களின் மேல் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். அதில் தவறில்லை. வெயிலில் குவித்து வைத்த காய் சூடேறாமல் இருக்கவும், வாடாமல் இருக்கவும் அந்த ஈரம் உதவுகிறது. அதே ஈரத்தோடு காய் நம் பைக்குள் வந்து, வீட்டில் பாலிதீன் உறையோடு ஃபிரிட்ஜுக்குள் போவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. திங்கட்கிழமை பளபளப்பாக இருந்த வெண்டைக்காய் வியாழக்கிழமை கொழகொழத்துப் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

செடியிலிருந்து பறித்த பிறகும் காய் மூச்சு விடுகிறது. தனக்குள் இருக்கும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் எரித்து வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியே விடுகிறது. வேரிலிருந்து தண்ணீர் வருவது நின்றுவிட்டதால் உள்ளே இருப்பது குறையக் குறைய அது வாடுகிறது. சூடு பத்து டிகிரி கூடினால் இந்த மூச்சு இரண்டு மடங்கு, சில காய்களில் மூன்று மடங்கு வேகமெடுக்கும். ஆகவே காயைக் காப்பாற்றுவது என்றால் மூன்று வேலை: உள்ளே இருக்கும் நீர் வெளியே போகாமல் பார்ப்பது, மேல்தோலில் நீர் தங்காமல் பார்ப்பது, அந்தந்தக் காய் தாங்கும் அளவுக்கு மட்டும் குளிர் கொடுப்பது. மூன்றாவதைத்தான் நாம் அதிகம் மறந்துவிடுகிறோம்.

வாங்கும் இடத்திலிருந்தே தொடங்கலாம். மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பரில் முதல் உழவர் சந்தை திறந்தது. அதன் பிறகு பல ஊர்களிலும் விவசாயிகள் தாங்களே விளைவித்ததைக் காலையில் கொண்டுவந்து விற்கிறார்கள். பக்கத்து ஊர்த் தோட்டத்திலிருந்து வரும் கத்தரி, வெண்டை, அவரை, கீரை ஆகியவற்றுக்கு இந்தச் சந்தைக்கு ஈடில்லை. மலையிலிருந்து வரும் கேரட், முட்டைகோஸ், பீன்ஸ் எங்கே வாங்கினாலும் சில நாள் பயணம் செய்தவைதான். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் எதை எப்போது சமைப்பது என்பது பாதி தெரிந்துவிடும்.

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்த சோதனை. இளங்காய் பட்டென்று ஒடியும். முற்றியது வளைந்து, நார் தெரியும். ஆனால் ஒவ்வொரு காயாக ஒடித்து, பிடிக்காததைக் குவியலில் திரும்பப் போட்டால் அதை அடுத்தவர் வாங்க மாட்டார். “ஒடிச்சிட்டு வச்சிட்டுப் போனா நான் யாருக்கும்மா விப்பேன்?” என்று கடைக்கார அக்கா கேட்பது நியாயம்தான். ஒன்றை மட்டும் ஒடித்துப் பார்த்து அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். மற்றதற்குக் கண்ணும் விரலும் போதும். விரல் நீளத்துக்கு மிகாமல், மேலே மெல்லிய சுணை கலையாமல், வரம்புகள் கைக்குக் கெட்டியாகப் படாமல் இருந்தால் பிஞ்சு. காம்பு கறுத்திருந்தால் பறித்து நாளாகிவிட்டது.

கத்தரிக்காயில் எல்லாரும் ஓட்டையைத் தேடுகிறோம். ஓட்டை உள்ளதைத் தள்ளிவிட்டு, ஓட்டையில்லாததை நம்பி எடுக்கிறோம். இந்தக் கணக்கு பாதிதான் சரி. காய்ப்புழு முட்டையிலிருந்து வெளிவந்தவுடன் நூல் அளவே இருக்கும். பெரும்பாலும் காம்பின் தொப்பிக்கு அடியிலோ தோலிலோ துளைத்து உள்ளே போய்விடும். அந்த வாசல் அடைபட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. நமக்குத் தெரியும் பெரிய ஓட்டை, தின்று வளர்ந்த புழு கூடு கட்டுவதற்காக வெளியேறிய வழி. அதாவது ஓட்டை உள்ள காயில் புழு போயிருக்கக்கூடும், ஓட்டையில்லாத காயில் இருக்கக்கூடும். ஓட்டை விழுந்ததை வாங்கச் சொல்லவில்லை. உள்ளே எச்சமும் அழுகலும் இருக்கும். தொப்பியைச் சற்றே தூக்கி அடியில் புள்ளியோ தூளோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எப்படிப் பார்த்தாலும் நறுக்கும்போது ஒவ்வொன்றையும் பிளந்து பார்த்தே சட்டியில் போட வேண்டும்.

புதிதா என்று பார்க்கவும் அந்தத் தொப்பிதான் இடம். பச்சையாக, தோலோடு ஒட்டியிருந்தால் நேற்று இன்று பறித்தது. பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் பழசு. தோல் மினுமினுக்க வேண்டும். கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் பள்ளம் விழாமல் மீண்டு வர வேண்டும். மினுமினுப்பு போய் மங்கிய காய்க்குள் விதை முற்றியிருக்கும்.

சுரைக்காய், பீர்க்கங்காயைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. நகம் எளிதாகப் பதிந்தால் பிஞ்சு. முருங்கைக்காயை இரு முனையிலும் பிடித்து மெல்ல முறுக்கினால் வளைந்து கொடுக்க வேண்டும். விதை புடைத்துத் தெரிந்தால் முற்றல்.

தக்காளியை ஒரே நிறத்தில் வாங்குவதுதான் வாரக் கடைசியில் அழுகலைப் பொறுக்கக் காரணம். ஒன்றரைக் கிலோ வாங்கினால் அரைக் கிலோ நன்கு சிவந்ததாகவும், மீதி செங்காயாகவும் இருக்கட்டும். தோல் மெல்லிய நாட்டுத் தக்காளியை முதலில் செலவழித்துவிட்டு, தோல் தடித்த பெங்களூர்த் தக்காளியை வாரக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். செங்காயை ஃபிரிட்ஜில் வைத்தால் அது பழுக்கவே பழுக்காது, மணமும் வராது. பன்னிரண்டு பதின்மூன்று டிகிரிக்குக் கீழே போனாலே தக்காளிக்கு அது குளிர் அடி. தட்டிலோ மூங்கில் கூடையிலோ ஒரே அடுக்காக, காம்பு இருந்த பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். தக்காளியின் நீர் பெரும்பாலும் அந்தக் காம்புத் தழும்பு வழியாகத்தான் வெளியேறுகிறது. சித்திரை வெயிலில் மட்டும் இது அப்படியே செல்லாது. முப்பது டிகிரிக்கு மேல் போனால் தக்காளியின் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது, மஞ்சளாகவே மெத்துப்போகும். அந்த மாதங்களில் குறைவாக வாங்கி, நன்றாகப் பழுத்ததை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுவதே வழி.

இனி வீட்டுக்கு வந்தபின். பையைக் கொட்டியதும் செய்ய வேண்டிய முதல் வேலை கழுவாமல் இருப்பது. கழுவுவது சமைக்கும் முன்புதான். தரையில் ஒரு பழைய வேட்டியை விரித்து, காய்களைப் பரப்பி, அரை மணி நேரம் மின்விசிறியைச் சுழல விடுங்கள். சந்தையில் தெளித்த ஈரம் போய்விடும். அடிபட்டது, கீறல் விழுந்தது, புள்ளி விழுந்தது எல்லாம் அப்போதே கண்ணில் படும். அவற்றைத் தனியே எடுத்து அன்றைக்கே சாம்பாரில் போட்டுவிடுங்கள். ஒன்று அழுகத் தொடங்கினால் பக்கத்தில் உள்ளதையும் கெடுக்கும்.

கீரைக்கட்டை உடனே அவிழ்த்துவிட வேண்டும். இறுகக் கட்டிய கட்டின் நடுவில் கீரையின் மூச்சுச் சூடு தங்கி, அங்கேதான் முதலில் மஞ்சளாகிறது. வேரையும் மண்ணையும் நீக்கி, பழுத்த இலைகளைக் கிள்ளி எறிந்து, உலர்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுருட்டி ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். கொத்தமல்லிக்கும் இதே துணிதான். பலர் செய்தித்தாளில் சுற்றுகிறார்கள். அச்சு மையில் உடலுக்கு ஆகாத பொருள்கள் இருப்பதால் உணவுப் பொருள்களைச் செய்தித்தாளில் பொதிய வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது. ஒரு வேட்டியைக் கிழித்தால் பத்துத் துண்டு கிடைக்கும். துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தலாம்.

காய்கறித் தட்டு ஏன் அடியில் இருக்கிறது என்றால், மேல்தட்டுகளைவிட அங்கே குளிர் சற்றுக் குறைவு, ஈரம் அதிகம், குளிர்காற்று நேராக வீசாது. கேரட், பீட்ரூட், முட்டைகோஸ், முள்ளங்கி இவற்றுக்கு ஃபிரிட்ஜின் குளிர் நல்லதுதான். கேரட்டிலும் முள்ளங்கியிலும் தழை இருந்தால் நறுக்கிவிடுங்கள். கிழங்கில் உள்ள நீரை இலை இழுத்துவிடும். வெண்டைக்கும் கத்தரிக்கும் அந்தக் குளிரே அதிகம். வெண்டையில் கறுப்புத் திட்டும் சிறு பள்ளங்களும் விழும். கத்தரியில் தோல் குழிந்து, வெட்டினால் விதை பழுப்பாக இருக்கும். இப்படி அடிபட்ட காய் வெளியே எடுத்ததும் சீக்கிரம் அழுகும். ஆகவே இவ்விரண்டையும் துணிப்பையில் போட்டு, தட்டின் மேல்பகுதியில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் சமைத்துவிட வேண்டும். வாழைக்காய், சேனை, சேம்பு, முழுப் பரங்கி, உருளை, வெங்காயம் எதற்கும் ஃபிரிட்ஜ் தேவையே இல்லை.

நான்கு பேர் உள்ள வீட்டில் ஞாயிறு காலை வாங்கியதை இப்படி ஓட்டலாம். ஞாயிறு மதியமே ஒரு கட்டு அரைக்கீரை. திங்கள் அரைக் கிலோ வெண்டைக்காய் பொரியல். செவ்வாய் கத்தரிக்காய்க் குழம்பு, அதற்குள் சிவந்த தக்காளியும் தீர்ந்துவிடும். புதன் சுரைக்காய்க் கூட்டு. அன்று தெருவில் கீரை வந்தால் இன்னொரு கட்டு. வியாழன் முருங்கைக்காய் சாம்பார், அவரைக்காய் பொரியல். வெள்ளி கேரட்டும் கோஸும். சனிக்கிழமை சேனை வறுவலோ உருளைக்கிழங்கோ. செங்காயாக வாங்கிய தக்காளி புதனிலிருந்து ஒவ்வொன்றாகப் பழுத்துக் கைகொடுக்கும். மெல்லிய காய் முன்னால், கிழங்கு பின்னால் என்ற இந்த வரிசை மாறினால்தான் காய் வீணாகிறது. ஞாயிறு மதியம் உருளைக்கிழங்கு வறுத்துவிட்டு வெண்டைக்காயை வெள்ளி வரை வைத்திருந்தால் எந்தத் துணியும் காப்பாற்றாது.

எதை எதோடு வைக்கக் கூடாது என்பதும் உண்டு. பழுக்கும் வாழைப்பழம், மாம்பழம், பப்பாளி, தக்காளி ஆகியவை எத்திலீன் என்ற வாயுவை விடுகின்றன. அதன் பக்கத்தில் கீரையும் கொத்தமல்லியும் வெள்ளரியும் சீக்கிரம் மஞ்சளாகும், கேரட் கசக்கும். பழக்கூடையைக் காய்களிலிருந்து தள்ளி வைத்தாலே போதும். செங்காயைச் சீக்கிரம் பழுக்க வைக்க வேண்டுமானால் அதன் நடுவே ஒரு வாழைப்பழத்தைப் போட்டு இதே வாயுவை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம்.

வெங்காயத்துக்குக் காற்று வேண்டும், உருளைக்கிழங்குக்கு இருட்டு வேண்டும். இரண்டையும் ஒரே கூடையில் போடாமல், வெங்காயத்தைத் துளையுள்ள கூடையிலும் உருளையைச் சணல் பையிலும் வையுங்கள். வெளிச்சம் பட்டால் உருளையின் தோல் பச்சையாகும். அந்தப் பச்சை தெரியும் இடத்தில் சோலனைன் என்ற கசப்பு நச்சும் சேர்கிறது. வேகவைத்தாலும் அது போகாது. சிறு திட்டாக இருந்தால் ஆழமாகச் சீவி எடுத்துவிடலாம். பச்சை பரவியிருந்தாலோ முளை நீண்டு கிழங்கு தளர்ந்திருந்தாலோ விலையைப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.