முதல் டேட்டுக்குக் கிளம்பும்போது

அக்கா மகன் போன் செய்தபோது மணி ஐந்தே முக்கால். ஆறரைக்கு அண்ணா நகரில் ஒரு காபிக் கடையில் அவன் ஒரு பெண்ணைச் சந்திக்க வேண்டும். ஆப்பில் அறிமுகமாகி மூன்று வாரம் மெசேஜில் பேசியவர்கள். நேரில் பார்ப்பது இதுதான் முதல் முறை. "சித்தி, கை ஜில்லுனு இருக்கு. சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சு. வேற நாள் வெச்சுக்கலாம்னு மெசேஜ் போட்டுரட்டுமா?" என்றான். விசாரித்தால், மதியத்திலிருந்து மூன்று காபி குடித்திருக்கிறான். என்னென்ன பேச வேண்டும் என்று போனில் பதினோரு விஷயங்களைக் குறித்தும் வைத்திருக்கிறான்.

அந்த மெசேஜை மட்டும் போடாதே என்றேன். தள்ளிப்போட்ட நிமிடத்தில் மனசு லேசாகும், உண்மைதான். ஆனால் தப்பித்தால்தான் நிம்மதி என்று மனம் பழகிவிடும். அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரமே வந்து நிற்கும்.

காபி விஷயம் எளிது. படபடப்பு, வியர்வை, விரல் நடுக்கம் எல்லாம் பயத்தால் வருவது போலவே கஃபீனாலும் வரும். குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டு வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். நாலு மணிக் காபியின் பாதி, ஆறரை மணிச் சந்திப்புக்கு மட்டுமல்ல, ஒன்பது மணிக்கும் கூடவே இருக்கும். மாலைச் சந்திப்பு என்றால் மதியத்தோடு காபியை நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்து மூச்சு. "நல்லா இழுத்து மூச்சு விடு" என்று எல்லோரும் சொல்வார்கள். பதற்றத்தில் இருப்பவர் அதைக் கேட்டு வேகவேகமாகப் பெரிய மூச்சுகளை இழுப்பார். கொஞ்ச நேரத்தில் தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும், உதட்டைச் சுற்றிக் குறுகுறுக்கும். அப்படி ஆனால் மூச்சு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். இதயத் துடிப்பு, மூச்சை உள்ளே இழுக்கும்போது சற்றுக் கூடும், வெளியே விடும்போது சற்றுக் குறையும். அதனால் விடும் மூச்சை நீட்டுவதுதான் வழி. மூக்கால் சாதாரண அளவு இழுக்க நாலு எண்ணிக்கை, மெதுவாக விட ஆறு எண்ணிக்கை. ஐந்து நிமிடம் செய்தால் போதும். வண்டியை நிறுத்திய இடத்திலேயே இதை முடித்துவிட வேண்டும். மேசையில் உட்கார்ந்த பிறகு மூச்சை எண்ணிக்கொண்டிருந்தால் எதிரே இருப்பவர் பேசுவது காதில் விழாது.

இவ்வளவு செய்தாலும் படபடப்பு முழுக்க அடங்காது. அடங்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. ஹார்வர்டின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பலர் முன்னால் பாடவும் பேசவும் போகிறவர்களில் சிலரை "நான் அமைதியாக இருக்கிறேன்" என்றும், சிலரை "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்றும் சொல்லிக்கொள்ள வைத்தார். உற்சாகம் என்று சொன்னவர்களே நன்றாகச் செய்தார்கள். துடிக்கிற நெஞ்சை அமைதி என்று நம்ப வைப்பது கஷ்டம். அதே துடிப்பை ஆவல் என்று எடுத்துக்கொள்வது சுலபம். ஒரு பெண்ணைப் பார்க்கப் போகும் ஆவலும் அவனுக்குள் இருக்கத்தானே செய்தது?

மிஞ்சியது அந்தப் பதினோரு விஷயங்கள். எனக்கு அதிகக் கவலை தந்தது அந்தப் பட்டியல்தான்.

கூச்சம் மிகுந்தவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதை டேவிட் கிளார்க், அட்ரியன் வெல்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1995இல் விளக்கினார்கள். மற்றவர் முன்னால் உட்கார்ந்ததும் இவர்களின் கவனம் தங்கள் பக்கமே திரும்பிவிடுகிறது. முகம் சூடாக இருக்கிறதா, குரல் பிசிறுகிறதா என்று உள்ளே ஒருவர் உட்கார்ந்து வேவு பார்க்கிறார். உள்ளே எப்படி உணர்கிறோமோ அப்படியேதான் வெளியே தெரிகிறோம் என்று நம்பிவிடுகிறோம். அது வெளியே தெரியாமலிருக்கச் சில வேலைகளும் செய்கிறோம். கை நடுக்கம் தெரியக்கூடாது என்று கப்பை இறுகப் பிடிக்கிறோம், பிடி இறுக இறுக நடுக்கம் கூடுகிறது. அடுத்து சொல்லப்போகும் வாக்கியத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறோம், அதற்குள் அவர் சொன்னது போய்விடுகிறது. எதிரே இருப்பவருக்கு நம் பயம் தெரிவதில்லை. "இவருக்கு என்மேல் ஆர்வமே இல்லை போல" என்றுதான் தோன்றும்.

இந்தச் சிகிச்சையில் அப்படிப்பட்டவரைப் பேசவைத்து வீடியோ எடுத்துக் காட்டுவார்கள். முகம் சிவந்து, கை ஆடிக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்த்தவர், திரையில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும் ஒருவரைத்தான் பார்ப்பார்.

"பட்டியலை அழிச்சிடு. அந்தப் பொண்ணு கடைசியா சொன்ன வாக்கியத்துலேர்ந்து அடுத்த கேள்வியைக் கேளு, அது போதும்" என்றேன். இதற்கும் ஆதாரம் உண்டு. வேக டேட்டிங் நிகழ்ச்சி ஒன்றில் பதிவான உரையாடல்களை ஆராய்ந்து ஹார்வர்டைச் சேர்ந்தவர்கள் 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எதிரே இருப்பவர் சொன்னதையே தொட்டு மேலும் கேட்டவர்களை, மீண்டும் சந்திக்கலாம் என்று சம்மதித்தவர்கள் அதிகம்.

எப்படிக் கேட்பது என்பதை அவன் அன்று இரவு சொன்னதிலிருந்தே காட்டலாம். அந்தப் பெண் கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காகச் சென்னைக்கு வந்து நாலு மாதம் ஆகிறதாம். "பாட்டி தினமும் ஒன்பது மணிக்கு போன் பண்ணி சாப்டியான்னு கேப்பாங்க" என்றிருக்கிறாள். பட்டியல் கையில் இருந்திருந்தால் "உங்களுக்கு என்ன படம் பிடிக்கும்?" என்று தாவியிருப்பான். "பாட்டிகிட்ட உண்மையைச் சொல்வீங்களா?" என்று கேட்டிருக்கிறான். அவள் சிரித்துவிட்டு, இரவில் பல நாள் வெறும் பிஸ்கட்தான் என்றும், அதைச் சொன்னால் பாட்டி பஸ் ஏறி வந்துவிடுவார் என்றும் சொல்லியிருக்கிறாள். அங்கிருந்து பேச்சு பாட்டியின் சமையலுக்குப் போய், இவன் முதன்முதலாகச் சாம்பார் வைத்துக் கருகவிட்ட கதைக்கு வந்திருக்கிறது.

கேட்டுக்கொண்டே இருந்தாலும் ஆபத்துதான். சம்பளம் எவ்வளவு, சொந்த வீடா என்று பெண் பார்க்க வந்தவர்கள் விசாரிப்பது போல் ஆகிவிடும். இரண்டு கேள்விக்கு நடுவே நம்முடையதாக ஒன்றையும் வைக்க வேண்டும், கருகிய சாம்பாரைப் போல.

நடுநடுவே கவனம் மறுபடி உள்ளே போகத்தான் செய்யும். அவர் கடைசியாகச் சொன்ன வாக்கியம் நினைவில்லை என்றாலோ, எப்போது முடிப்பார் என்று காத்திருக்கிறோம் என்றாலோ கவனம் உள்ளே போய்விட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அதற்காக நம்மையே திட்டிக்கொண்டால் இன்னும் உள்ளேதான் போவோம். அவருடைய குரல் மேலே ஏறுகிறதா இறங்குகிறதா என்று கொஞ்சம் கேளுங்கள், கவனம் வெளியே வந்துவிடும். எதுவுமே ஓடவில்லை என்றால் "சாரி, ஒரு நிமிஷம் கவனம் போயிடுச்சு, பாட்டி என்ன சொன்னாங்க?" என்று கேட்பதில் தவறே இல்லை. போனைப் பையில் போட்டுவிடுங்கள்.

எல்லாப் பதற்றத்தையும் இப்படிச் சமாளிக்கக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வந்தவர் நாம் வேண்டாம் என்ற பிறகும் வேறு இடத்துக்குக் கூப்பிடுகிறார், எல்லை மீறிப் பேசுகிறார் என்றால் அந்தப் படபடப்பு எச்சரிக்கை. உடனே எழுந்து வந்துவிட வேண்டும். டேட் மட்டுமில்லாமல், நாலு பேர் முன்னால் சாப்பிடுவதும் போனில் பேசுவதும்கூட மாதக்கணக்கில் பயமாகவே இருந்தால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416இல் இலவசமாகப் பேசலாம்.

இரவு பத்து மணிக்குப் போன் செய்தவன் முதலில் சொன்னது, "சொதப்பிட்டேன் சித்தி." பிறகு அரைமணி நேரம் அந்தப் பெண்ணின் பாட்டியைப் பற்றியே பேசினான். முதல்முறை பேசிப் பிரிந்தவர்கள், எதிரே இருந்தவருக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதனால் வீடு திரும்பிய இரவில் உட்கார்ந்து உங்களுக்கு நீங்களே மார்க் போடாதீர்கள். சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.