ஆச்சிக்கு எந்தப் பாட்டு?

மறதி நோய் வந்த பெரியவர் இருக்கும் வீட்டில் யாராவது கைபேசியில் ஒரு பக்திப் பாடல் ஆல்பத்தை ஓடவிட்டு, "ஆச்சி, பாடுங்க" என்பார்கள். ஆச்சி பாடாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார். பாட்டும் மறந்துபோச்சு என்று வீடு முடிவு கட்டிவிடும். பெரும்பாலும் பாட்டு மறந்திருக்காது. ஆல்பத்தின் சுருதி அவருக்கு எட்டாது, வேகம் பிடிபடாது, அதில் இருப்பது அவர் வளர்ந்த காலத்துப் பாட்டும் அல்ல.

ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2015இல் ஒன்றைக் கண்டார்கள். நெடுநாள் பழகிய இசையைக் கேட்கும்போது இயங்கும் மூளைப் பகுதிகள், அல்சைமர் நோயில் மற்ற பகுதிகளைப் போல அவ்வளவாகச் சுருங்குவதில்லை. காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதைச் சொல்ல முடியாதவர் ஒரு ஞானப்பாட்டின் மூன்று சரணத்தையும் பிசகாமல் பாடுவது இப்படித்தான் சாத்தியமாகிறது. ஆனால் 'நெடுநாள் பழகிய' என்பதுதான் நிபந்தனை. ஏறக்குறைய பத்து வயதிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் பதிந்த பாட்டுகளே பெரும்பாலும் நெடுநாள் நிற்கின்றன.

பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்கிறேன். எண்பது தாண்டிய ஆச்சி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பிறந்தது நாசரேத் பக்கத்து கிராமம், சி.எஸ்.ஐ. சபை. மகளும் பேத்தியும் பாட்டுகளைத் தேடத் தொடங்கியபோது ஆச்சியிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் "தெரியலயே" என்று சொல்லிவிட்டு முகம் வாடிவிடும். ஊரில் இருக்கும் ஆச்சியின் தங்கையிடம் கேட்டார்கள். வீட்டு ஜெபத்தில் தினம் பாடியது எது, ஞாயிறு பள்ளியில் கற்றது எது, கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போனபோது பாடியது எது, அசனப் பண்டிகையில் எது, கல்யாணத்தில் எது என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். சபைப் பதிவேட்டில்கூட இவ்வளவு விவரம் கிடைத்திருக்காது.

வந்த பட்டியலில் இரண்டு வகைப் பாட்டு கலந்திருந்தது. பாமாலை என்பது ஜெர்மன், ஆங்கிலப் பாட்டுகள் மேல்நாட்டு மெட்டோடு தமிழுக்கு வந்தது. கீர்த்தனை நம் ராகங்களில் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று அமைந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் எழுதியவை. மறதி உள்ளவருக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல. கீர்த்தனையில் ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவி திரும்ப வருகிறது. சரணத்தில் வழி தவறியவர் பல்லவியில் வந்து சேர்ந்துகொள்ளலாம். பாமாலையில் மெட்டு அதேதான், வரிகள் மட்டும் மாறிக்கொண்டே போகும். மூன்றாம் அடியிலேயே பலர் நின்றுவிடுவார்கள். அதனால் இந்த வீட்டில் பாமாலையின் முதல் கவியை மட்டும் இரண்டு முறை பாடுகிறார்கள்.

அடுத்தது சோதனை. பேத்தி ஒரு பாட்டின் முதல் அடியைப் பாடிவிட்டு நிறுத்துவாள். ஆச்சியின் உதடு அசைந்தாலோ கால்விரல் தாளம் போட்டாலோ பாட்டு பட்டியலில் சேரும். வாய்விட்டுப் பாட வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு பாட்டுக்கு மட்டும் ஆச்சி சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாத்தாவின் அடக்க ஆராதனையில் பாடியது அது என்று பிறகு தங்கை சொன்னார். அதை எடுத்துவிட்டார்கள். அழுகை வந்தாலே பாட்டை விலக்க வேண்டும் என்பதில்லை. கண்ணீர் வழிய வழியப் பாடிக்கொண்டிருப்பவரைப் பாட விடலாம். கை இறுகுவதும் மூச்சு வேகமாவதும் எழுந்து போக முயல்வதும்தான் வேண்டாம் என்பதற்கு அடையாளம். அப்போது சட்டென்று நிறுத்தினால் பதற்றம் கூடும். வார்த்தையை விட்டு மெட்டை மட்டும் முனகி, அவருக்கு மிகப் பிடித்த பாட்டுக்கு மெல்ல மாறிவிடுவது நல்லது.

பாட்டைவிடச் சுருதியில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். வயதான பெண்களுக்குக் குரல் கீழே இறங்கிவிடும். இளமையில் ஐந்தரைக் கட்டையில் பாடிய ஆச்சிக்கு இப்போது நாலு கட்டைதான் சுகம். மேல் ஸ்தாயிக்கு எட்டாதபோது அவருக்குக் காரணம் புரிவதில்லை, வாயை மூடிக்கொள்கிறார். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை மைனஸ் மூன்று அல்லது நான்குக்கு வைத்தால் போதும். கீபோர்டு இல்லையென்றால் அவர் தானாக முனகும்போது எந்தச் சுருதியில் முனகுகிறார் என்று கவனித்து அதையே எடுத்துக்கொள்ளலாம். வேகத்தையும் குறைக்க வேண்டும், ஆனால் ஓர் அடி ஒரு மூச்சில் முடிய வேண்டும். அதற்கும் மெதுவாக இழுத்தால் அவருக்கு மூச்சு வாங்கும்.

ஒலிப்பதிவைவிட நேரில் பாடுவது மேல் என்று நான் சொல்வது இதனால்தான்: பதிவு காத்திருக்காது. அடியின் கடைசிச் சொல்லை அவருக்காக விட்டு, நாலைந்து விநாடி பொறுத்தால் பெரும்பாலும் சொல் வந்துவிடும். வராவிட்டால் நாமே முடித்துவிட்டுப் போய்விடலாம். "இது என்ன பாட்டு சொல்லுங்க?" என்று பரீட்சை வைக்கக் கூடாது. இரண்டு கவிகளைக் கலந்து பாடினாலும், அவருடைய ஊர் மெட்டு நம் மெட்டுக்கு ஒத்துவராவிட்டாலும் திருத்த வேண்டியதில்லை.

அந்த வீட்டில் பாட்டு மாலை மூன்றரைக்கு. பொழுது சாயும் நேரத்தில் பலருக்கும் குழப்பம் கூடும், அதற்கு முன்பே முடித்துவிடுகிறார்கள். முதலில் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்வந்து, காது கருவியையும் கண்ணாடியையும் மாட்டிவிட்டு, டிவியை அணைக்கிறார்கள். மகள் எதிரே, ஆச்சியின் கண் மட்டத்தில், முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காருகிறாள். ஒரு தாளில் ஒரு பாட்டு, பெரிய எழுத்தில். வாசிப்பு குறையத் தொடங்கியபோது தாளையே வைத்துவிட்டார்கள், ஏனென்றால் புரியாத எழுத்து ஆச்சியைக் கலக்கியது. எல்லாம் சேர்த்து அரை மணிக்குள், ஆறேழு பாட்டு. தொடக்கத்தில் எப்போதும் அதே காலைப் பாட்டு. நடுவில் கைதட்டும் ஞாயிறு பள்ளிப் பாட்டு ஒன்று, பிறகு ஒரு வாய் தண்ணீர், அதன்பின் நிதானமான கீர்த்தனைகள், முடிவில் பரமண்டல ஜெபம்.

முடிவில் ஒரு சிக்கல் வந்தது. ஆராதனை முடிவில் பாடும் ஆசீர்வாதப் பாட்டை முதலில் கடைசியாக வைத்திருந்தார்கள். அது முடிந்ததும் ஆச்சி எழுந்து செருப்பைத் தேடினார், கோயில் விட்டாச்சே, வீட்டுக்குப் போக வேண்டாமா? அன்றோடு அந்தப் பாட்டு போய், ஜெபம் முடிந்த கையோடு காப்பி வந்தது.

இதனால் நோய் குறையாது. 2018இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, இசை சார்ந்த சிகிச்சை மனச்சோர்வைக் குறைக்கக்கூடும், கிளர்ச்சியையோ ஆக்ரோஷத்தையோ அவ்வளவாகக் குறைக்காது என்கிறது. மறதி நோயில் பல வகை உண்டு; எல்லோரும் பாட்டுக்கு ஒரே மாதிரி அசைவதில்லை. சிலருக்கு முற்றிய நிலையில் முனகல் மட்டுமே மிஞ்சும், சிலருக்கு அதுவும் இருக்காது.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அவரோடு வளர்ந்த தங்கையோ தம்பியோ இருக்கும்போதே அந்தப் பட்டியலை எழுதி வாங்குங்கள். பாட்டின் எண், எத்தனை கட்டை, எது வேண்டாம் என்பதை ஒரே தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் துணைக்கு இருக்கப்போகிறவரிடம் அந்தத் தாளையும் கொடுத்தனுப்புங்கள்.