தாத்தாவுக்கு ஒரு பிரியாவிடை மடல்: எதைச் சொல்வது, எதை விடுவது

உயர்தரத்தில் தமிழ் பயிலும் மாணவி 'பிரியாவிடை' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் சற்று வியப்படைவாள். 'பிரியாத' என்பதன் இறுதி எழுத்துக் கெட்டு 'பிரியா' என நிற்கிறது. இலக்கணம் இதனை ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று சொல்லும். விடைபெறுகிறோம், ஆனால் பிரியவில்லை என்பதே இதன் பொருள். உயர்தர மாணவிகள் விடைபெறும் நாளில் அவர்களுக்காக ஒரு கனிஷ்ட மாணவி வாசிக்கும் மடல் இந்தப் பொருளுக்கு உண்மையாக இருக்க வேண்டும். போகிறவர் போன பின்பும் நம்மிடம் பிரியாமல் தங்கியிருப்பது எது என்பதையே அது சொல்ல வேண்டும்.

கல்முனையின் மகளிர் கல்லூரிகளுக்குக் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நற்பிட்டிமுனை எனப் பல ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். எமது பகுதியில் மூத்த சகோதரியைத் தாத்தா என்றும் ராத்தா என்றும் அழைப்போம். பாடசாலையில் மேல் வகுப்பு மாணவியையும் அந்த உறவுச் சொல்லாலேயே கூப்பிடுகிறோம். ஆனால் பிரியாவிடை மேடையில் மட்டும் அந்தத் தாத்தா திடீரென 'ஒளிவிளக்கு' ஆகிவிடுகிறார். 'பண்பின் சிகரம்', 'கல்லூரித் தாயின் தவப்புதல்வி' என்றெல்லாம் வாசிக்கிறோம். கேட்டுக்கொண்டிருக்கும் அந்தத் தாத்தாவுக்கே அது தன்னைப் பற்றியது என்ற உணர்வு வருவதில்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. வாழ்த்தும் அறிவுரையும் எமது மரபில் பெரும்பாலும் மூத்தவரிடமிருந்து இளையவருக்கே வந்திருக்கின்றன. தொல்காப்பியம் செய்யுளியலில் கூறும் வாயுறை வாழ்த்து, கசப்பு மருந்துபோலப் பின்னர் பயன் தரும் அறிவுரையைக் கொண்டது. செவியறிவுறூஉ என்பது பெரியோர் முன் அடங்கி நடக்குமாறு காதில் போடும் சொல். இரண்டையும் சொல்வதற்குச் சொல்பவருக்கு ஒரு தகுதி வேண்டும். பதினைந்து வயது மாணவி பத்தொன்பது வயது மாணவிக்கு வாழ்க்கையைப் பற்றி அறிவுரை சொல்ல முடியாது. சொல்ல ஏதுமில்லை என்று நினைப்பதால் அவள் அடைமொழிகளைத் தேடிப் போகிறாள்.

உண்மையில் அவளிடம் மட்டுமே உள்ள ஒன்று இருக்கிறது. அது சாட்சி. தாத்தா செய்த ஒரு காரியத்தைத் தாத்தாவே மறந்திருப்பார். அதன் விளைவு எங்கே போய் நின்றது என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. அதைப் பெற்றுக்கொண்ட கனிஷ்ட மாணவிக்குத்தான் தெரியும்.

புகழ்வதில் எமது மார்க்கம் காட்டும் அளவும் இங்கே உதவும். ஒருவர் இன்னொருவரை முகத்துக்கு முன் மிகையாகப் புகழ்ந்தபோது, உம் தோழரின் கழுத்தை முறித்துவிட்டீர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் வருகிறது. புகழத்தான் வேண்டுமென்றால் தான் அறிந்ததை மட்டும், இன்னார் இப்படிப்பட்டவர் என நான் கருதுகிறேன் என்ற அளவில் சொல்லி, இறுதித் தீர்ப்பை அல்லாஹ்விடம் விட்டுவிடும்படி அதில் வழியும் காட்டப்பட்டது. மறுபுறம், மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவர் என்ற கருத்துடைய ஹதீஸையும் நாம் அறிவோம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நன்றியைத் தாராளமாகச் சொல்லலாம், புகழை அறிந்த அளவோடு நிறுத்தலாம் என்பது விளங்கும்.

இதை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். தரம் 10இல் படிக்கும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ் மன்றத் தலைவியாக இருந்த தாத்தாவுக்கு அவள் எழுதும் முதல் வரைவு இப்படித் தொடங்குகிறது:

"அன்பின் உறைவிடமே, அறிவின் ஊற்றே! நீங்கள் எமக்கு வழிகாட்டியாகவும் தாயாகவும் இருந்தீர்கள். உங்கள் சேவையை இக்கல்லூரி என்றும் மறவாது. நீங்கள் விரைவில் ஒரு வைத்தியராக வர வாழ்த்துகிறோம்."

இதைச் சோதிக்க ஒரு இலகுவான வழி இருக்கிறது. தாத்தாவின் பெயரை எடுத்துவிட்டு விளையாட்டுத் தலைவியின் பெயரைப் போட்டு வாசியுங்கள். பிறகு ஓய்வுபெறும் ஆசிரியையின் பெயரைப் போட்டு வாசியுங்கள். எவருக்கும் பொருந்துகிறது என்றால், அது இன்னும் அந்தத் தாத்தாவுக்கு எழுதப்படவில்லை.

அதே மாணவியிடம், தாத்தா உனக்கு என்ன செய்தார், எந்த நாளில், என்ன சொன்னார் என்று கேட்டால் இரண்டாவது வரைவு வேறுவிதமாக வரும்:

"அஸ்ஸலாமு அலைக்கும் தாத்தா. சென்ற வருடம் தமிழ்மொழித் தினப் போட்டியில் பேச்சின் நடுவில் மறந்துபோய் மேடையை விட்டு இறங்கிய மருதமுனைத் தங்கச்சிதான் நான். திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் இடைவேளையில் என் வகுப்பு வாசலுக்கு வந்து, 'எந்த வசனத்துல மறந்தது தங்கச்சி?' என்று மட்டும் கேட்டீர்கள். முழுப் பேச்சையும் நான் மனனம் செய்திருந்தேன். நீங்கள் அதை ஐந்து பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஒரு சொல்லைச் சிறிய அட்டையில் எழுதித் தந்தீர்கள். அந்தச் சொல்லைப் பார்த்து வாயில் வருவதைப் பேசச் சொன்னீர்கள். இரண்டு வாரம் உங்கள் இடைவேளையை எனக்குத் தந்தீர்கள். அப்போது உங்களுக்கும் தவணைப் பரீட்சை இருந்தது. இந்த வருடமும் எனக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் பேச்சை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். போன மாதம் தரம் 6 தங்கச்சி ஒருத்திக்கு நான் ஐந்து அட்டை வெட்டிக் கொடுத்தேன்."

இந்த மடலில் புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் தாத்தா எப்படிப்பட்டவர் என்று மண்டபத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. ஆறுதல் சொல்லாமல் பிழை எங்கே என்று கேட்டது, தன் பரீட்சைக் காலத்திலும் நேரம் தந்தது ஆகிய இரண்டுமே அவருடைய குணத்தைக் காட்டுகின்றன. தாத்தா சொன்ன ஒரு வசனத்தைப் பேச்சு வழக்கிலேயே விட்டிருப்பதால் அவருடைய குரலும் கேட்கிறது. பரிசு கிடைத்ததாக மாணவி கதையை அலங்கரிக்கவுமில்லை. பரிசு கிடைக்காமலேயே பயன் கிடைத்தது என்பதால்தான் நன்றிக்கு எடை கூடுகிறது. கடைசி வசனம் மிக முக்கியமானது. தாத்தாவுக்குத் தெரியாத செய்தி அதில்தான் இருக்கிறது. அவர் தொடங்கியது அடுத்த வகுப்புக்குப் போய்விட்டது. பிரியாத விடை என்றால் இதுதான்.

மடல் முழுவதும் 'நீங்கள்' என்றே பேசுவதையும் கவனியுங்கள். எமது கிழக்குக் கரையின் கவிகளில் பெண் ஒருத்தி ஒருவரை நேரே விளித்துத்தான் பேசுவாள். சபைக்குப் பொதுவாக, 'அவர் எமக்கு உதவினார்' என்று வாசித்தால் அது அறிக்கையாகிவிடும். தாத்தாவை நோக்கிப் பேசுங்கள், சபை தானாகக் கேட்கும்.

இனி, விட வேண்டியவை இரண்டு. முதலாவது, எதிர்காலத்தைக் குறித்துக் கொடுப்பது. 'வைத்தியராக வருவீர்கள்', 'பொறியியலாளராகக் காண்போம்' என்ற வாழ்த்துகள் அன்பில்தான் பிறக்கின்றன. ஆனால் உயர்தரப் பெறுபேறு வெறும் உழைப்பின் கணக்கன்று. இசட் புள்ளி, ஒரு பாடத்தில் ஒருவர் பெற்ற புள்ளியை அந்தப் பாடத்துக்குத் தோற்றிய ஏனையோரின் சராசரியோடு ஒப்பிட்டுக் கணிக்கப்படுகிறது. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட அடிப்படையும் சேர்கிறது. நன்றாக எழுதிய பிள்ளைக்கும் விரும்பிய பீடம் கிடைக்காமல் போகலாம். சிலருக்குத் திருமணம் பேசப்பட்டிருக்கும், சிலர் வீட்டுப் பொறுப்பை ஏற்கப் போகிறார்கள். உம்மா வாப்பா முன்னிலையில் மேடையில் சொன்ன ஒரு பட்டம், பெறுபேறு வரும் நாளில் அந்தப் பிள்ளையின் நெஞ்சில் பாரமாக ஏறும். நடந்த உதவியோ எந்தப் பெறுபேற்றாலும் மாறாது. ஆகவே மடல் நடந்ததில் நிற்கட்டும், வரப்போவது துஆவில் இருக்கட்டும்.

இரண்டாவது, இரகசியமாகச் செய்த உதவியைச் சபையில் உடைப்பது. தாத்தா ஒருத்திக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்திருக்கலாம், வீட்டுப் பிரச்சினையில் துணை நின்றிருக்கலாம். அதைச் சொன்னால் மறைத்துக் கொடுத்தவரின் எண்ணமும் பெற்றவரின் மானமும் ஒன்றாகக் கலைகின்றன. பின்வரிசையில் இருக்கும் பெற்றோரின் முகம் மாறும். இப்படிப்பட்டதைத் தனி உறையில் எழுதிக் கையில் கொடுங்கள். மனத்தாங்கல் ஏதும் இருந்து மாப்புக் கேட்க வேண்டியிருந்தால் அதற்கும் மேடை இடமன்று. முதல் நாளே நேரில் கேட்டுவிடுவது நல்லது. சபையில் சொல்லலாமா என்ற ஐயம் சிறிதேனும் இருந்தால் தாத்தாவிடமே முன்கூட்டிக் கேளுங்கள்.

மடலை முடிக்க எமக்குத் தயாராக ஒரு வழி உண்டு. பயணம் புறப்படுபவரை வழியனுப்பும்போது நபி (ஸல்) அவர்கள் ஓதிய துஆ அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ளது. அதில் மூன்று விடயங்கள் அல்லாஹ்விடம் ஒப்படைக்கப்படுகின்றன: அவருடைய மார்க்கம், அவருடைய அமானிதம், அவருடைய செயல்களின் முடிவு. பட்டமோ பதவியோ இந்த மூன்றில் இல்லை. தாத்தா பல்கலைக்கழகம் போனாலும் வீட்டில் இருந்தாலும் இந்தத் துஆ பொருந்தும். அறபில் ஓதும்போது ஒரு சிறு கவனம் வேண்டும். பெண் ஒருவரை நோக்கிச் சொல்வதால் 'தீனக' என்பது 'தீனகி' ஆகும். நன்றி சொல்லும்போதும் 'ஜஸாகல்லாஹு' என்று ஆணுக்குச் சொல்வது பெண்ணுக்கு 'ஜஸாகில்லாஹு கைரன்' என மாறும். இஸ்லாம் பாட ஆசிரியையிடம் ஒரு தடவை ஓதிக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மேலே உள்ள இரண்டாவது வரைவைத் துஆவோடு சேர்த்து நிதானமாக வாசித்தால் இரண்டு நிமிடமளவில் முடிந்துவிடும். அதுவே போதும். வீட்டில் உம்மாவுக்கு முன் சத்தமாக ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். எந்த வசனத்தில் தொண்டை அடைக்கிறதோ அதற்கு முன்னால் தாளில் ஒரு கோடு போட்டு, அந்த இடத்தில் மூச்சு விட்டுத் தொடருங்கள். எந்த வசனத்தில் உம்மாவின் கவனம் சிதறுகிறதோ அதை வெட்டிவிடுங்கள். மிஞ்சுவதைச் சுத்தமான எழுத்தில் இன்னொரு பிரதி எடுத்து, வாசித்து முடிந்ததும் தாத்தாவின் கையில் கொடுத்துவிடுங்கள்.