நீண்ட நேரம் படிப்போருக்கான இருக்கை, கண், வெளிச்சப் பழக்கங்கள்

தொடர்ந்து பல மணி நேரம் படிப்பவர்களுக்கு மாலையில் நெற்றிவலி, பிடரி இறுக்கம், இடுப்புவலி ஆகியவை வருவதுண்டு. இவை தனித்தனித் தொல்லைகளாகத் தோன்றினாலும், பல நேரங்களில் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. படிக்கப் படிக்கக் கண்ணுக்கும் புத்தகத்துக்கும் இடையிலுள்ள தூரம் சிறிது சிறிதாகக் குறைந்துபோவதே அந்தத் தொடக்கம். வெளிச்சம் போதாவிட்டாலும், மேசையின் உயரம் பொருந்தாவிட்டாலும் இத்தூரம் குறையும்.

தூரம் குறைந்தால் என்ன நடக்கிறது?

தொலைவில் உள்ளதைப் பார்க்கும்போது கண்ணின் உள்ளே இருக்கும் சிலியரித் தசை தளர்ந்திருக்கும். அருகில் உள்ளதைப் பார்க்க அது சுருங்கி விழிலென்சைத் தடிக்கச் செய்ய வேண்டும். 40 செ.மீ. தூரத்தில் படிக்க 2.5 டையாப்டர் அளவுக்குக் குவியம் மாற வேண்டும். 20 செ.மீ. தூரத்தில் இது 5 டையாப்டர் ஆகிறது. அதாவது தூரம் பாதியானால் தசையின் வேலை இருமடங்காகிறது. அத்துடன் இரு விழிகளும் மூக்குப் பக்கமாக மேலும் திரும்ப வேண்டியிருக்கிறது. கண் கனப்பதும் நெற்றி வலிப்பதும் இதனால்தான்.

தலையின் எடை சுமார் 4.5 முதல் 5 கிலோகிராம். அது தோளுக்கு நேர்மேலே இருக்கும்போது முதுகெலும்பே அதைத் தாங்குகிறது. தலை முன்னே தாழ்ந்தால், அது விழாமல் பிடித்திழுக்கும் வேலை பிடரித் தசைகளுக்கு வந்துசேர்கிறது. தொடர்ந்து இறுகி நிற்கும் இத்தசைகளின் வலி பின்மண்டை வரை ஏறும். தலை முன்னே சாயும்போது இடுப்பின் இயல்பான உள்வளைவும் நிமிர்ந்து முதுகு கூனுவதால் இடுப்புவலி வருகிறது.

சரியான தூரத்தை அளத்தல்

இதற்கு அளவுகோல் தேவையில்லை. முழங்கையைப் புத்தகத்தின் மேல் ஊன்றி, விரல்களை மடக்கிக் கன்னத்தில் வைத்தால் கண்ணுக்கும் தாளுக்கும் இடையே கிடைக்கும் தூரமே அவரவருக்கு ஏற்ற தூரம். பெரும்பாலோருக்கு இது 35 முதல் 40 செ.மீ. வரை இருக்கும். படிக்க உட்கார்ந்தவுடன் ஒருமுறையும், அரைமணி நேரம் கழித்து ஒருமுறையும் இதைச் சோதித்தால், தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

வெளிச்சம்

எழுத்து மங்கலாகத் தெரிந்தால் மாணவர் தம்மை அறியாமலே குனிவார். எனவே முதலில் சரிசெய்ய வேண்டியது வெளிச்சம். பல வீடுகளில் டியூப்லைட் சுவரின் உயரத்தில் இருக்கும். மாணவர் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். அப்போது அவருடைய தலையின் நிழலே நோட்டின்மேல் விழும். நாற்காலியைத் திருப்பிப் போடுவதாலேயே இக்குறை தீரும். வலக்கையால் எழுதுபவருக்கு இடப்பக்கத்திலிருந்தும், இடக்கையால் எழுதுபவருக்கு வலப்பக்கத்திலிருந்தும் வெளிச்சம் வர வேண்டும்.

ஒரு பல்பின் வெளிச்சம் தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். தாளிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருக்கும் பல்பை 50 செ.மீ. உயரத்துக்குக் கொண்டுவந்தால், அதிலிருந்து தாளின்மேல் நேராக விழும் வெளிச்சம் 16 மடங்காகும். அதனால் பெரிய பல்பு வாங்குவதைவிட, 9 வாட் எல்.இ.டி. பல்பு போட்ட மேசைவிளக்கு ஒன்றை அருகில் வைப்பது அதிகப் பயன் தரும். பல்பு நேராகக் கண்ணில் படாதபடி மூடி இருக்க வேண்டும். அறைவிளக்கும் எரிய வேண்டும். சுற்றிலும் இருட்டாக இருந்து தாளோ கைபேசித் திரையோ மட்டும் பளிச்சென்று இருந்தால் கண் விரைவில் களைக்கும். பளபளப்பான தாளில் விளக்கின் பிம்பம் தெரிந்தால், அது மறையும் வரை விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும்.

மேசையும் நாற்காலியும்: ஓர் எடுத்துக்காட்டு

155 செ.மீ. உயரமுள்ள பிளஸ் டூ மாணவி ஒருவர், 42 செ.மீ. உயர இருக்கை கொண்ட பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, 75 செ.மீ. உயர மேசையில் படிக்கிறார் என்று கொள்வோம். அவருடைய முழங்கை, இருக்கையிலிருந்து சுமார் 22 செ.மீ. மேலே, அதாவது தரையிலிருந்து 64 செ.மீ. உயரத்தில் இருக்கும். மேசை அதைவிட 11 செ.மீ. உயரம். எழுத வேண்டுமானால் அவர் தோளைத் தூக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேரத்தில் தோளும் கழுத்தும் கடுக்கும்.

மேசையின் காலை அறுக்க வேண்டியதில்லை. அழுந்திய பிறகும் 8 செ.மீ. கனம் இருக்கும்படி போர்வையை மடித்து இருக்கையில் போட்டால் முழங்கை 72 செ.மீ. உயரத்துக்கு வந்துவிடும். இப்போது இருக்கை 50 செ.மீ. ஆகிவிடுகிறது, அவருடைய முழங்கால் மடிப்பின் உயரமோ சுமார் 40 செ.மீ.தான். கால் தொங்கினால் தொடையின் அடிப்பகுதி அழுந்தி மரத்துப்போகும். ஆகவே 10 செ.மீ. உயரப் பலகை ஒன்றைக் காலடியில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் இடுப்புக்குப் பின்னால் இடைவெளி விழுவதால், துண்டு ஒன்றைச் சுருட்டி அங்கே வைத்துச் சாய்ந்துகொள்ளலாம்.

புத்தகம் தட்டையாகக் கிடந்தால் தலை மீண்டும் தாழும். அதன் மேல்விளிம்புக்கு அடியில் இரண்டு தடித்த புத்தகங்களை வைத்துச் சாய்த்தால் எழுத்து கண்ணை நோக்கி நிமிரும்.

தரையில் படித்தல்

சம்மணமிட்டுப் படிப்பதில் தவறில்லை. புத்தகத்தையும் தரையில் வைப்பதுதான் முதுகைக் கெடுக்கிறது. கண்ணிலிருந்து தரை வெகு தாழ்வில் இருப்பதால், 40 செ.மீ. தூரத்துக்கு வர முதுகு முழுவதும் வளைய வேண்டியிருக்கும். 25 முதல் 30 செ.மீ. உயரச் சாய்மேசை இதற்குப் போதும். மடித்த போர்வையின்மேல் உட்கார்ந்தால் இடுப்பு உயர்ந்து முதுகு எளிதாக நிமிரும்.

இடைவேளை

எவ்வளவு சரியாக உட்கார்ந்தாலும் அசையாதிருக்கும் தசை வலிக்கும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை 20 விநாடி பார்ப்பது கண் மருத்துவர்கள் கூறும் வழி. சன்னலுக்கு வெளியே ஒரு மரம் போதும். சிலியரித் தசை தளரும். இயல்பாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை சிமிட்டும் கண், உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிக்கும் குறைவாகவே சிமிட்டக்கூடும். திரையில் படிப்பவர்களின் கண் எரிச்சலுக்கு இந்த வறட்சி ஒரு முக்கியக் காரணம். ஆகவே இடைவேளையில் சில முறை முழுதாக இமைகளை மூடித் திறக்க வேண்டும். அரைமணி அல்லது முக்கால்மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடக்க வேண்டும்.

வலியின் காரணத்தை அறிதல்

பிடரியில் தொடங்கிப் பின்மண்டைக்கு ஏறும் வலி பெரும்பாலும் இருக்கையைச் சார்ந்தது. மேசை, விளக்கு ஆகியவற்றைச் சரிசெய்தால் ஓரிரு வாரங்களில் குறைய வேண்டும். படிக்கத் தொடங்கிச் சற்று நேரத்தில் புருவத்தின்மேல் வலித்து, எழுத்து கலங்கினால், தூரப்பார்வையோ சிலிண்டர் பவரோ இருக்கலாம். இதை எந்த விளக்கும் தீர்க்காது. கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கரும்பலகை எழுத்து தெரியாவிட்டால் அது கிட்டப்பார்வையின் அடையாளம்.

காலையில் எழும்போதே தலைவலி, வாந்தி, திடீர்ப் பார்வைக் குறைவு, இரட்டையாகத் தெரிதல், காலில் மரமரப்பு ஆகியவை படிக்கும் பழக்கத்தால் வருபவை என்று எண்ணிவிடக் கூடாது. தேர்வு முடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.